காட்டன்னு போட்டிருந்தா மட்டும் போதாது: புழுக்கத்துல சட்டைக்குள்ள காத்து போகணும்

நான் துணி டெஸ்டிங் லேப்ல வேலை பார்க்குறவன். ஏப்ரல் பொறந்தா தெரிஞ்சவங்க எல்லாரும் கேக்குறது ஒண்ணுதான், "வெயிலுக்கு எந்தத் துணி எடுக்கலாம், காட்டன்தானே?" காட்டன்தான், சந்தேகமே இல்ல, ஆனா சென்னை, கடலூர், நாகப்பட்டினம் மாதிரி கடலோர ஊர்ல அந்த ஒரு வார்த்தையை மட்டும் நம்பி வாங்குனா மதியம் பன்னண்டு மணிக்கு சட்டை முதுகோட ஒட்டிக்கும்.

ஏன்னு சொல்றேன். சும்மா உட்கார்ந்திருந்தாலே நம்ம உடம்பு கிட்டத்தட்ட 100 வாட் சூடு வெளிய விட்டுட்டே இருக்கும். வெளிய 35 டிகிரி ஆயிட்டா தோலும் காத்தும் ஒரே சூடு, அப்போ அந்த 100 வாட் வெளிய போக மிச்சமிருக்குற வழி வேர்வை ஆவியாகுறது மட்டும்தான். ஒரு கிராம் வேர்வை ஆவியானா சுமார் 580 கலோரி சூட்டை எடுத்துட்டுப் போகும், அதாவது ஒரு மணி நேரத்துக்கு 150 கிராம் வேர்வை முழுசா காஞ்சா போதும், உடம்பு தாக்குப்பிடிச்சுடும். இங்க முக்கியம் "காஞ்சா"ங்கிறதுதான். சொட்டி கீழ விழுற வேர்வை உடம்பைக் குளிர வைக்காது, வெறும் உப்பும் தண்ணியும் வீணா போகுது, அவ்ளோதான்.

மதுரையில 40 டிகிரி, ஈரப்பதம் 25 சதவீதம்னு வச்சுக்குவோம், சென்னையில 34 டிகிரி, 70 சதவீதம். தெர்மாமீட்டர் பாத்தா சென்னைதான் பரவாயில்ல. ஆனா காத்துல ஏற்கெனவே இருக்குற நீராவியைக் கணக்குப் போட்டா, தோல்ல இருந்து வேர்வையை வெளிய இழுக்குற சக்தி மதுரையை விட சென்னையில சுமார் பாதிதான். அதுலயும் நம்ம தோலுக்கும் சட்டைக்கும் நடுவுல சிக்கியிருக்குற காத்து கொஞ்ச நேரத்துல ஈரத்துல நிறைஞ்சுடும், அந்தக் காத்து வெளிய போய் புதுக் காத்து உள்ள வரலேன்னா அங்க ஆவியாகுறது கிட்டத்தட்ட நின்னுடும். அதனால புழுக்கத்துக்கு சட்டை எடுக்கும்போது நான் முதல்ல பாக்குறது காத்து உள்ள வருமா, வெளிய போகுமாங்கிறதைத்தான், நூல் என்னங்கிறது அதுக்கு அடுத்து.

இதை ஒரு செக்யூரிட்டி யூனிஃபார்ம் வந்தப்போ நல்லா பாக்க முடிஞ்சுது. சென்னையில ஒரு அபார்ட்மென்ட்ல வேலை செய்யுற காவலர்களுக்கு இடுப்புல, முதுகுல வேர்க்குரு, சிலருக்கு பெல்ட் கட்டுற இடத்துல படர்தாமரை வேற, துணியில ஏதாவது கெமிக்கல் இருக்கான்னு பாக்கச் சொல்லி சட்டையை அனுப்பியிருந்தாங்க. கெமிக்கல்ல பிரச்சனை எதுவும் இல்ல. துணி டிசி, அதாவது 65 பங்கு பாலியஸ்டர் 35 பங்கு காட்டன், ட்வில் நெசவு, ஒரு சதுர மீட்டருக்கு 200 கிராம் கிட்ட எடை, கருநீலம். நல்லா உழைக்கும், அழுக்கு தெரியாது, இஸ்திரி அதிகம் வேண்டாம்னு பாத்து எடுத்த துணி. தச்சிருந்த விதம் அதை விட மோசம். நெஞ்சுல ரெண்டு பாக்கெட், மேல மடிப்பு மூடி, தோள்ல பட்டை, மேல்முதுகுல தோளை ஒட்டி வர்ற யோக் துண்டு ரெண்டு அடுக்கு, காலருக்குள்ள கேன்வாஸ். உடம்பு நிறைய வேர்க்குற நெஞ்சும் மேல்முதுகும்தான் ரெண்டு மூணு அடுக்கு துணிக்கு அடியில இருந்துச்சு. இதுக்கு மேல கழுத்து பட்டன் போட்டு, இன் பண்ணி பெல்ட் கட்டணும். சூடான காத்து மேல ஏறி கழுத்து வழியா வெளிய போகும், கீழ இருந்து புதுசு உள்ள வரும், அதுதான் இயற்கை, இங்க மேல வாசலும் மூடியாச்சு, கீழ வாசலும் மூடியாச்சு.

நாங்க சொன்ன மாத்தம் சிம்பிள். பிளைன் நெசவுல 110, 115 கிராம் காட்டன் போப்ளின், அரைக்கை, இன் பண்ணாம வெளிய விடுற ஸ்லாக் சட்டை, ரெண்டு பக்கமும் கீழ ஸ்லிட், மூடி இல்லாத ஒரே பாக்கெட், யோக் ஒரு அடுக்கு, நெஞ்சளவை விட ஆறு ஏழு இஞ்ச் லூசு. லூசா இருந்தா நடக்கும்போது, கை அசைக்கும்போது துணி முன்னும் பின்னும் ஆடி உள்ள இருக்குற ஈரக்காத்தைத் தானா வெளிய தள்ளும், பனியன் மாதிரி ஒட்டிக்கிட்டா அந்த வேலை நடக்காது. மெல்லிசான காட்டன் கிழியும், சீக்கிரம் வெளுக்கும், அதையும் சொல்லித்தான் குடுத்தோம், மூணு செட் குடுத்த இடத்துல நாலு செட் குடுங்கன்னோம். பாதி ஷிஃப்ட்ல சட்டையை மாத்த ஒண்ணு கைவசம் இருக்கட்டும்னும் சேத்துச் சொன்னோம், ஏன்னா காட்டன் நனைஞ்சா தண்ணியைப் பிடிச்சு வச்சுக்கும், மெதுவாத்தான் காயும்.

மாத்துனதுல பலன் இருக்கான்னு பாக்க ஒரு வழி இருக்கு, வீட்லயும் செய்யலாம். சமையல் தராசுல சட்டையை வேலைக்குப் போறதுக்கு முன்னாடி ஒரு தடவை, கழட்டின உடனே ஒரு தடவை எடை போடுங்க. கூடுன கிராம் எல்லாம் ஆவியாகாம துணியிலயே தங்குன வேர்வை. ஒரே வேலை, ஒரே மாதிரி நாள்னு வச்சு ரெண்டு சட்டையை ஒப்பிட்டா எது குறைவா கூடுதோ அதுதான் உங்களுக்கு நல்லது.

இப்போ கலர். நிழல்ல, வீட்டுக்குள்ள, காவலர் கூண்டுக்குள்ள இருக்குறவங்களுக்கு கருப்போ வெள்ளையோ பெரிய வித்தியாசம் இல்ல. நேர் வெயில்ல நிக்கும்போதுதான் கலர் பேசும், கரும்நிறம் வெயிலை அதிகம் உறிஞ்சும், அதுவும் உடம்போட ஒட்டுன சட்டையா இருந்தா அந்த சூடு நேரா தோலுக்குப் போகும். பாலைவனத்துல பெதூயின் மக்கள் கருப்பு அங்கி போடுறாங்களேன்னு கேப்பாங்க. 1980ல அதை அளந்தே பாத்திருக்காங்க, கருப்பு அங்கி அதிகம் சூடானாலும் தோலுக்கு வந்து சேருற சூடு வெள்ளை அங்கியில வர்ற அளவுதான்னு தெரிஞ்சுது. அங்கி அவ்ளோ லூசு, உள்ள காத்து ஓடி அந்த சூட்டை அடிச்சுட்டுப் போயிடுது. ஆனா அது வறண்ட காத்து உள்ள இடம், இங்க கேட்டுல நின்னு பேரியர் தூக்குறவருக்கு வெளிர் கலர்தான். வேர்வைக் கறை வெளிய தெரியுதேன்னு கூச்சப்பட்டுத்தான் நிறைய பேர் கருநீலத்துக்குப் போறாங்க, அதுக்கு வெளிர் நிறத்துல சின்ன கட்டமோ பொடிப் பிரிண்டோ எடுத்தா போதும். பிளைன் சாம்பல் நிறம் மட்டும் வேண்டாம், ஈரம் அதுல அப்படியே திட்டுத்திட்டா தெரியும்.

ஸ்போர்ட்ஸ் டி-ஷர்ட் பத்தியும் கேப்பாங்க. அந்த பாலியஸ்டர் தண்ணியை உறிஞ்சாது, நூலுக்கு நடுவுல இருக்குற சந்து வழியா ஈரத்தை இழுத்துப் பரப்பும். ஓடும்போது, பைக்ல போகும்போது காத்து மேல படுறதால சட்டுனு காயும். காத்தே இல்லாத ஹோட்டல் கிச்சன்ல அதையே போட்டா ஈரம் பரவிட்டு அங்கேயே நிக்கும். அந்த மாதிரி இடத்துல, ஈரப்பதம் 85, 90க்குப் போயிட்டா எந்தத் துணியும் கை குடுக்காது, ஃபேன் வேணும், எக்ஸாஸ்ட் வேணும்.

கடையில துணி எடுக்கும்போது ஒரு மடிப்பை வாயோட சேத்துப் பிடிச்சு ஊதுங்க, அந்தப் பக்கம் உள்ளங்கையில காத்து நல்லா படணும், படலேன்னா லேபிள்ல 100 சதவீதம் காட்டன்னு இருந்தாலும் விட்டுடுங்க. சில காட்டன் அவ்ளோ நெருக்கமா நெய்திருப்பாங்க. பிளவுஸ் தைக்கக் குடுக்கும்போது லைனிங்கையும் இதே மாதிரி ஊதிப் பாருங்க, மேல நல்ல காட்டன் வாங்கிட்டு உள்ள பாலியஸ்டர் லைனிங் குடுத்தா மேல்துணிக்கு செலவு பண்ணதே வீண்.

தண்ணிச் சொட்டு டெஸ்ட்டை வீட்ல, ஒரு தடவை துவைச்சதுக்கு அப்புறம் செய்யுங்க, புதுத் துணியில ஃபினிஷிங் இருக்கும், தண்ணி முத்தா நிக்கும். துவைச்ச துணியில சொட்டு விட்டா சில நொடியில உள்ள போயிடணும். பழைய சட்டையிலயும் முத்தா நின்னா பெரும்பாலும் கடைசி அலசல்ல ஊத்துற வாசனை கண்டிஷனர்தான் காரணம், அது நூல் மேல மெழுகு மாதிரி படியும். கெட்டியான கஞ்சியும் நெசவு ஓட்டையை அடைக்கும், லேசான கஞ்சின்னா துணி விறைப்பா உடம்பை விட்டுத் தள்ளி நிக்கும், அந்த மட்டுக்கு நல்லதுதான். கண்டிஷனரை வெயில் காலம் முடியுற வரைக்கும் நிறுத்திட்டு ரெண்டு மூணு தடவை துவைச்சுட்டு மறுபடி சொட்டு விட்டுப் பாருங்க.