அலைவிலகல்: கோணலாக வரும் அலை நேராவது எப்படி?

உவரிக் கடற்கரையில் நின்று தூரத்தைப் பாருங்கள். தெற்கிலிருந்து வரும் அலை சாய்ந்த கோடாகத் தெரியும். அதே அலை கரையில் விழும்போது கிட்டத்தட்ட கரைக்கு இணையாகத் திரும்பியிருக்கும். இதைத்தான் ரிஃப்ராக்‌ஷன் என்கிறார்கள்.

லத்தீனில் 'முறித்தல்' என்ற வேரிலிருந்து பிறந்த சொல் இது. தண்ணீரில் பாதி முங்கிய குச்சி முறிந்த மாதிரி தெரிகிறதல்லவா, அந்தப் பொருள். இலங்கைப் பாடநூல்கள் 'முறிவு' என்றே வைத்துக்கொண்டன. நம் பக்கம் 'ஒளிவிலகல்' என்று படித்தோம். கடலுக்கு 'அலைவிலகல்' என்பதே எனக்குச் சரியாகப் படுகிறது. அலைமுறிவு என்றால், அலை நுரைத்து உடைவதோடு குழம்பிவிடும். ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது: அலை விலகுவது கரையை விட்டு அல்ல, தான் வந்த பழைய திசையை விட்டு.

தேரிக்காட்டு ஓரத்தில் மாட்டுவண்டி போகும்போது ஒரு பக்கச் சக்கரம் மட்டும் மணலில் இறங்கினால், அந்தச் சக்கரம் மெதுவாகும், வண்டி அந்தப் பக்கமே திரும்பும். அலையும் அப்படித்தான். ஒரு முகட்டிலிருந்து அடுத்த முகடு வரையுள்ள தூரமே அலையின் நீளம். ஆழம் அந்த நீளத்தில் பாதிக்குக் கீழே குறைந்ததும், அதன் வேகத்தைக் கடல்தரை தீர்மானிக்கத் தொடங்குகிறது. ஆழம் குறையக் குறைய வேகமும் குறையும். கோணலாக வரும் அலையில் கரைப் பக்கத்து முனை முதலில் ஆழம் குறைந்த நீருக்குள் வந்து தயங்கும். ஆழத்தில் இருக்கும் மறுமுனை வேகம் குறையாமல் முன்னேறும். அதனால் அலை முழுவதும் கரையை நோக்கித் திரும்புகிறது.

பத்து விநாடிக்கு ஒன்றாக வரும் அலையை எடுத்துக்கொள்வோம். ஆழ்கடலில் அதன் நீளம் சுமார் 156 மீட்டர், வேகம் விநாடிக்கு 15.6 மீட்டர். ஆக, 78 மீட்டர் ஆழத்திலேயே அது தரையை உணரத் தொடங்கும். கரைக்கு 45 பாகை சாய்வில் கிளம்பியது, 4 மீட்டர் ஆழத்தில் விநாடிக்கு ஏறத்தாழ 6 மீட்டர் வேகத்துக்கு இறங்கி, 16 பாகை சாய்வுக்கு வந்துவிடும். 2 மீட்டர் ஆழத்தில் 11 பாகை. நான்கு விநாடிக்கு ஒன்றாக வரும் சிற்றலை இவ்வளவு திரும்பாது. 12 மீட்டர் ஆழம் வரை அதற்குத் தரையே தெரியாது, அதனால் தாமதமாகவே திரும்பும்.

மணப்பாட்டில் போல நிலம் கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் இடத்தில், ஆழம் குறைந்த தரையும் அதோடு சேர்ந்து நீண்டிருக்கும். அதனால் இரு பக்கத்து அலைகளும் அந்த மூக்கை நோக்கியே திரும்பி, அங்கே பலமாக அடிக்கும். அருகிலுள்ள குடாவில் அவை விரிந்து சாதுவாகும்.

சரி, அந்த 11 பாகை எங்கே போகிறது? ஈர மணலில் ஒரு தேங்காய் மட்டையைப் போட்டுப் பாருங்கள். நுரை அதைச் சற்றுச் சாய்வாக மேலே தள்ளும், நேராகக் கீழே இழுக்கும். பத்து அலைக்குள் மட்டை பக்கவாட்டில் நகர்ந்திருக்கும். மட்டை நகரும் வழியில்தான் மணலும் நகர்கிறது.