டான்சிலை எடுக்கலாமா? முதலில் எண்ணிப் பாருங்கள்

"மாசா மாசம் டான்சில் வருது டாக்டர், எடுத்துடலாமா?"

இந்தக் கேள்வி வராத வாரம் இல்லை. கேட்பதில் தப்பே இல்லை. ஆனால் "போன 12 மாதத்தில் சரியாக எத்தனை தடவை?" என்று திருப்பிக் கேட்டால், பெரும்பாலும் "நிறைய" என்றுதான் பதில் வருகிறது. "நிறைய" என்ற ஒற்றைச் சொல்லை நம்பி ஒரு குழந்தைக்கு மயக்க மருந்து கொடுக்க முடியாது.

இதைவிடவும் அலுப்பூட்டுவது இன்னொன்று. "தொண்டையில் சதை வளர்ந்திருக்கிறது, அதனால் எடுக்க வேண்டும்" என்ற நம்பிக்கை. டான்சில் புதிதாக முளைத்த சதை கிடையாது. எல்லாக் குழந்தைக்கும் பிறப்பிலிருந்தே இருப்பது. 3 வயதிலிருந்து 7 வயதுவரை அது பெரிதாக இருப்பதுதான் இயல்பு. பருவ வயதில் தானாகச் சுருங்கும். போதாததற்கு, குழந்தையை வாயைத் திறக்கச் சொல்லி, ஸ்பூனால் நாக்கை அழுத்தி, அது குமட்டும் நொடியில் டார்ச் அடித்துப் பார்க்கிறீர்கள். குமட்டும்போது தொண்டைத் தசைகள் இறுகி, இரண்டு டான்சிலையும் நடுவே தள்ளும். எந்தக் குழந்தைக்கும் அப்போது டான்சில் பயங்கரமாகத்தான் தெரியும். அதைப் படம் எடுத்து அனுப்பி "எவ்வளவு பெரிசு பாருங்க" என்றால் நான் என்ன சொல்ல?

தொற்று அடிக்கடி வருகிறது என்ற காரணத்துக்காக டான்சிலை எடுப்பதா என்று முடிவு செய்யும்போது அதன் அளவுக்கு வேலையே இல்லை. பெரிய டான்சிலோடு வருடத்துக்கு ஒரு முறைகூடக் காய்ச்சல் வராத பிள்ளைகள் உண்டு. மடிப்புக்குள் மறைந்திருக்கும் சின்ன டான்சிலில் திரும்பத் திரும்பச் சீழ் பிடிப்பதும் உண்டு. அளவு முக்கியமாவது வேறு ஓர் இடத்தில், தூக்கத்தில் மூச்சு தடைபடும்போது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

உலகம் முழுக்கப் பரவலாகப் பின்பற்றப்படும் கணக்கு இதுதான்: கடந்த ஒரு வருடத்தில் 7 முறை, அல்லது தொடர்ந்து இரண்டு வருடங்களில் வருடத்துக்கு 5 முறை, அல்லது தொடர்ந்து மூன்று வருடங்களில் வருடத்துக்கு 3 முறை. இதற்குக் குறைவாக இருந்தால் பொறுத்திருந்து கவனிப்பதே சரியான சிகிச்சை. "ஒண்ணுமே செய்யாமல் அனுப்பிட்டார்" என்று கோபப்பட வேண்டாம். எண்ணத் தொடங்கச் சொல்லி அனுப்பியிருக்கிறார்.

எதை எண்ணுவது என்பதில்தான் எல்லாரும் வழுக்குகிறார்கள். தொண்டை வலி மட்டும் இருந்தால் அது கணக்கில் சேராது. வலியோடு, கீழே உள்ள நான்கில் ஒன்றாவது இருந்திருக்க வேண்டும்:

- தெர்மாமீட்டரில் 101 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு மேல் காய்ச்சல். கையால் தொட்டு "கொதிக்குது" என்பது செல்லாது.
- தாடைக்குக் கீழே தொட்டால் வலிக்கிற நெறி, அல்லது 2 சென்டிமீட்டரைத் தாண்டிய நெறி.
- டான்சில் மேல் வெள்ளையாக அல்லது மஞ்சளாகச் சீழ்ப் படலம்.
- தொண்டைச் சளிப் பரிசோதனையில் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமி இருப்பது உறுதி.

இவை ஒவ்வொரு முறையும் மருத்துவக் குறிப்பில் எழுதப்பட்டிருக்க வேண்டும். இதை அதிகாரிகளின் சடங்கு என்று நினைக்காதீர்கள். பிட்ஸ்பர்க்கைச் சேர்ந்த குழந்தை மருத்துவர் ஜாக் பாரடைஸின் குழு 1978இல் ஒன்று செய்து பார்த்தது. அடிக்கடி தொண்டைத் தொற்று என்று பெற்றோர் சொல்லி, ஆனால் பதிவு இல்லாத 65 குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்தார்கள். சொன்ன அளவுக்கு நிஜமாகவே தொற்று வந்தது 11 பேருக்கு மட்டும். பெற்றோர் பொய் சொல்லவில்லை. இரவெல்லாம் விழித்திருந்தவர்களுக்கு மூன்று முறை வந்தது முப்பது முறை வந்ததாகத்தான் நினைவில் நிற்கும்.

ஒரு கணக்கைப் போட்டுக் காட்டுகிறேன். 6 வயதுப் பெண் குழந்தை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வருடத்தில் 11 முறை மருத்துவரிடம் போயிருக்கிறாள். 11 என்பது 7ஐத் தாண்டிவிட்டதே, பிறகென்ன என்று தோன்றும். சீட்டுகளை வரிசையாக எடுத்து வைப்போம்.

நான்கு சீட்டில் மூக்கொழுகல், இருமல், தொண்டை லேசாகச் சிவப்பு, காய்ச்சல் 100ஐத் தொடவில்லை. இது சாதாரணச் சளி, நான்கும் வெளியே. ஒன்றில் மேலண்ணத்தில் புண், உள்ளங்கையில் கொப்புளம். அது வைரஸ், அதுவும் வெளியே. மீதி ஆறு. அதில் இரண்டு, முந்தைய காய்ச்சலுக்குத் தந்த ஆன்டிபயாடிக்கை மூன்றாம் நாளே நிறுத்தியதால், ஒரு வாரத்துக்குள் மறுபடி வந்தவை. மறுபடி போனாலும் நோய் பழையதுதான், எனவே இந்த இரண்டும் வெளியே. ஆக மீதி நான்கு. அந்த நான்கில் ஒரு சீட்டில் "தொண்டை வலி" என்ற இரண்டு சொல்லும் மருந்துப் பெயரும் தவிர வேறெதுவும் இல்லை. அதைச் சேர்க்க முடியாது. (இந்தக் குற்றம் பெற்றோருடையது இல்லை, எங்கள் ஆட்களுடையது. வெப்பநிலையும் நெறியும் எழுத ஒரு வரி போதும்.)

11 என்று தொடங்கியது 3இல் வந்து நிற்கிறது. இந்த 3 அறுவைக்குப் போதுமா? முந்தைய இரண்டு வருடங்களிலும் தலா 3 பதிவாகியிருந்தால் பேசலாம். இந்தக் குழந்தைக்கு முந்தைய வருடம் 2தான். எனவே அறுவை வேண்டாம். அடுத்த 12 மாதம் ஒழுங்காகப் பதிவு செய்துகொண்டு காத்திருக்கலாம்.

பதிவுக்குப் பெரிய ஏற்பாடு எதுவும் தேவையில்லை. காய்ச்சல் வந்த தேதி, தெர்மாமீட்டர் காட்டிய எண், நெறி வலித்ததா, மூக்கொழுகல் இருந்ததா, மருந்து எத்தனை நாள் கொடுத்தீர்கள், பள்ளிக்கு எத்தனை நாள் போகவில்லை. இவ்வளவுதான். சீழ்ப் படலம் தெரிந்தால், மருந்து தொடங்கும் முன் ஒரு படம். தயவுசெய்து குமட்ட வைத்து எடுக்காதீர்கள். "ஆ" என்று நீட்டிச் சொல்லச் சொன்னாலே போதும். காய்ச்சலோ வலியோ இல்லாமல் டான்சில் குழியில் நாறுகிற வெள்ளைத் துணுக்கு தெரிந்தால் அது டான்சில் கல். சீழ் என்று எண்ணி வைக்காதீர்கள்.

ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்று உறுதியாகி பென்சிலினோ அமாக்சிசிலினோ எழுதிக் கொடுத்தால் அது 10 நாள். மூன்றாம் நாள் பிள்ளை ஓடியாடும். அப்போதும் பாட்டிலை மூடி வைக்காதீர்கள். அதே நேரம், மூக்கு ஒழுகும் ஒவ்வொரு சளிக்கும் "போன தடவை கொடுத்ததே இருக்கு" என்று ஆன்டிபயாடிக்கை நீங்களாக ஊற்றிக் கொடுக்காதீர்கள்.

இன்னொரு காகிதத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும்: ஏ.எஸ்.ஓ. ரத்தப் பரிசோதனை. அந்த எண் கூடியிருந்தால், சமீபத்தில் எப்போதோ ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தொற்று வந்து போயிருக்கிறது என்று பொருள், அவ்வளவே. நன்றாக விளையாடிக்கொண்டிருக்கும் பிள்ளைக்கு அந்த எண்ணை மட்டும் காட்டி டான்சிலை எடுக்கச் சொன்னால், இன்னொரு மருத்துவரையும் கேளுங்கள்.

சரி, பதிவு செய்த கணக்கு நிஜமாகவே 7ஐத் தொட்டுவிட்டது. அப்போதும் "எடுத்தே ஆக வேண்டும்" என்றில்லை, "எடுப்பதைப் பற்றிப் பேசலாம்" என்றுதான் பொருள். கடுமையாகப் பாதிக்கப்பட்ட குழந்தைகளுக்கு அறுவையால் தொற்று குறைகிறது. ஆனால் அந்தப் பலன் பெரும்பாலும் முதல் ஒன்றிரண்டு வருடங்களுக்கே தெளிவாகத் தெரிகிறது. காரணம், அறுவை செய்யாத பிள்ளைகளுக்கும் வயது ஏற ஏறத் தொற்று தானாகக் குறைந்துவிடுகிறது. டான்சிலை எடுத்த பிறகும் தொண்டை வலி வரும், சளி வரும். அதை முன்பே சொல்லாமல் அறுவை செய்தால் பிறகு திட்டு எங்களுக்கு. "எடுத்தால் எதிர்ப்புசக்தி போயிடும்" என்று பயப்படுபவர்களுக்கு: அந்த வேலையைச் செய்ய உடம்பில் வேறு திசுக்கள் ஏராளம்.

எண்ணிக்கை குறைவாக இருந்தாலும் அறுவையை யோசிக்க வைக்கும் நிலைகள் சில உண்டு. டான்சிலுக்குப் பக்கத்தில் சீழ்க் கட்டி ஒரு முறைக்கு மேல் வந்திருந்தால். பல ஆன்டிபயாடிக்குகள் ஒவ்வாமல் போனால். 5 வயதுக்கு முன்பே தொடங்கி, சில வாரங்களுக்கு ஒரு முறை நாள் குறித்தது போல அதிகக் காய்ச்சலும் வாய்ப்புண்ணும் நெறியும் வந்து, இடையில் குழந்தை முழு ஆரோக்கியமாக இருந்தால். இந்த மூன்றாவது வகைக்கு ஆன்டிபயாடிக் எதுவுமே செய்யாது. அதனால் "எந்த மருந்துக்கும் கேட்கலை" என்பதோடு நிறுத்தாமல், காய்ச்சல் வந்த தேதிகளைக் கொண்டுவந்து காட்டுங்கள்.

தூக்கத்தில் மூச்சு தடைபடுவது தனி வழக்கு. தினமும் குறட்டை, நடுவில் சில நொடி மூச்சு நின்று திணறி விழிப்பது, நின்றுபோன படுக்கையில் சிறுநீர் கழிக்கும் பழக்கம் திரும்ப வருவது, பகலில் எரிச்சல். இங்கே தொற்றின் எண்ணிக்கை கேட்கப்படுவதில்லை. குழந்தை தூங்குவதை இரண்டு நிமிடம் சத்தத்தோடு வீடியோ எடுத்து வாருங்கள். எனக்கு நீங்கள் வாயால் சொல்வதைவிட அது நூறு மடங்கு உதவும்.

ஒரே பக்க டான்சில் மட்டும் சில வாரங்களில் வேகமாகப் பெருத்தால் எண்ணிக்கொண்டிருக்காமல் காட்டுங்கள். வாயைத் திறக்க முடியாமல், எச்சில் ஒழுகி, வாய்க்குள் எதையோ அடக்கியது போலக் குரல் மாறினால் அன்றைக்கே அவசரப் பிரிவு.

அறுவை முடிவாகிவிட்டால், வீட்டுக்கு வந்த பிறகான இரண்டு வாரம்தான் உங்கள் பொறுப்பு. டான்சில் இருந்த இடத்தில் வெள்ளைப் படலம் படியும், வாய் நாறும். அது சீழ் இல்லை, புண் ஆறும் விதம் அப்படி. காதில் ஒன்றும் இல்லாமலே காது வலிக்கும். சரியாகிக்கொண்டு வருகிறது என்று நினைக்கும்போது ஐந்தாம் நாளை ஒட்டி வலி மறுபடி ஏறலாம். பாராசிட்டமாலை, மருத்துவர் எடைக்கு ஏற்ப எழுதிய அளவில், முதல் சில நாட்கள் நேரம் தவறாமல் கொடுங்கள். அழுத பிறகு கொடுக்கலாம் என்று காத்திருந்தால் குழந்தை விழுங்க மறுக்கும், நீர் வறளும், வலி இன்னும் கூடும். ஆஸ்பிரினும் கோடீன் கலந்த மருந்தும் கூடவே கூடாது.

ரத்தக்கசிவு முதல் 24 மணி நேரத்தில் வரலாம், அல்லது அந்தப் படலம் உதிரும் ஐந்திலிருந்து பத்தாம் நாளுக்குள் வரலாம். இந்த இரண்டாவதைத்தான் வீட்டில் தவறவிடுகிறார்கள், ஏனென்றால் குழந்தை ரத்தத்தைத் துப்பாமல் விழுங்கிவிடும். இரவில் அது தூக்கத்திலேயே அடிக்கடி விழுங்குவது தெரிந்தால் எழுப்பி, வாயில் டார்ச் அடித்துப் பாருங்கள். புது ரத்தம் தெரிந்தாலோ, கறுப்பாக வாந்தி எடுத்தாலோ, கசிவு நின்றுவிட்டது போலத் தோன்றினாலும் உடனே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். விடிந்ததும் போகலாம் என்று உட்கார்ந்திருக்காதீர்கள்.