“விளிம்பு நெருக்கம்” என்றால் எத்தனை மில்லிமீட்டர்? பாலிப் அறிக்கையின் குறிப்புரை பற்றி

பயாப்ஸி அறிக்கை மூன்று பக்கம் இருந்தாலும் அறுவை மருத்துவர் முதலில் பார்ப்பது இரண்டு இடங்களைத்தான்: நோய் முடிவும், அதன் கீழே உள்ள குறிப்புரையும். வெளிநோயாளிப் பிரிவில் வரிசை காத்திருக்கும்போது நுண்ணோக்கி விவரிப்பை அவர் படிப்பார் என்று நாம் எதிர்பார்க்க முடியாது. பினாங்கில் இன்னொன்றும் உண்டு. நோயாளிகள் அறிக்கையின் நகலைக் கோப்பில் வைத்துக்கொண்டு ஒரு மருத்துவமனையிலிருந்து இன்னொன்றுக்குப் போகிறார்கள். சுமத்ராவிலிருந்து சிகிச்சைக்கு வருபவர்கள் அதை மேடானுக்கே எடுத்துச் சென்றுவிடுகிறார்கள். அங்கே அதைப் படிப்பவர் என்னைத் தொலைபேசியில் அழைத்து “என்ன சொல்ல வருகிறீர்கள்?” என்று கேட்கப்போவதில்லை. எழுதியது மட்டுமே அவர் கையில் இருக்கும்.

நான் நோயியல் மருத்துவர். அண்மையில் மறுபார்வைக்கு வந்த, குடலின் உட்சுவரில் வளர்ந்த ஒரு பாலிப்பை வைத்து இதை விளக்குகிறேன். நோயாளியை அடையாளம் காட்டும் விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

அறுபது வயதைக் கடந்தவர். நீரிழிவும் இதயக் குழாயில் ஸ்டென்ட்டும் உண்டு. காலனோஸ்கோப்பியின்போது பெருங்குடலின் சிக்மாய்டு பகுதியில் காம்புள்ள பாலிப் ஒன்று தென்பட்டது. 18 மில்லிமீட்டர் அளவுள்ள அதைக் கம்பி வளையத்தால் ஒரே துண்டாக எடுத்தார்கள். வேறொரு ஆய்வகம் தந்த அறிக்கையின் குறிப்புரை இவ்வளவுதான்: “அடினோமாவில் தோன்றிய அடினோகார்சினோமா. விளிம்பு நெருக்கமாக உள்ளது. நிணநீர்க் குழாய்ப் பரவலை மறுக்க முடியாது. மருத்துவ நிலையுடன் ஒப்பிடுக.”

ஸ்லைடுகளையும் பாரஃபின் கட்டிகளையும் எனக்கு அனுப்பிய அறுவை மருத்துவர், “டாக்டர், இவருக்குக் குடலின் ஒரு பகுதியை எடுத்து இணைக்க வேண்டுமா, காத்திருந்து கண்காணிக்கலாமா? இந்த நான்கு வரியை வைத்து என்னால் எதையும் முடிவு செய்ய முடியவில்லை” என்றார். அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. பாலிப் போய்விட்டாலும் இவ்வகைப் புற்றுநோயில் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு நிணநீர்க் கணுக்களில் பரவல் இருக்கக்கூடும். அந்த ஒருவர் இவர்தானா என்பதற்கான தடயம் பாலிப்புக்குள்ளேயே இருக்கிறது: விளிம்பு, குழாய்ப் பரவல், புற்றணுக்களின் தரம். மறுபுறம், இதய நோயும் நீரிழிவும் உள்ளவருக்குக் குடல் இணைப்பு அறுவை சிறிய காரியம் அல்ல.

முதலில் விளிம்பு, அதாவது பாலிப்பை வெட்டி எடுத்த ஓரம். “நெருக்கம்” என்ற சொல்லை நான் எழுதுவதே இல்லை. புற்றணு விளிம்பைத் தொட்டால்தான் பாதிப்பு என்பார் ஒருவர். 1 மில்லிமீட்டருக்குள் வந்தாலே பாதிப்பு என்பார் இன்னொருவர். 2 மில்லிமீட்டர் கேட்பவர்களும் இருக்கிறார்கள். எண்ணைக் கொடுத்துவிட்டால், யார் எந்த வழிகாட்டியைப் பின்பற்றினாலும் அவரால் முடிவெடுக்க முடியும்.

எங்கிருந்து அளந்தோம் என்பதையும் சொல்ல வேண்டும். பாலிப்பை வெட்டும்போது மின்சூட்டில் கருகும் திசுதான் உண்மையான வெட்டு விளிம்பு. அந்தக் கருகலின் ஓரத்துக்கும் மிக அருகிலுள்ள புற்றணுவுக்கும் இடையே உள்ளதுதான் தூரம். காம்பை நீளவாக்கில் பிளந்து, விளிம்பு முழுதாகத் தெரியும் துண்டில் அளந்தால்தான் அந்த எண்ணுக்குப் பொருள் உண்டு. சாய்வாக வெட்டிய துண்டில் அளந்தால் எண் ஏமாற்றும். இந்தப் பாலிப்பின் பாரஃபின் கட்டியை மேலும் ஆழமாகச் சீவிப் பார்த்தபோது மிகக் குறைந்த தூரம் 1.3 மில்லிமீட்டர்.

விளிம்பில் இருப்பது எது என்பதும் முக்கியம். இன்னும் புற்றுநோயாக மாறாத அடினோமா மட்டும் விளிம்பைத் தொட்டால் அந்த இடத்தை மீண்டும் பார்த்து மிச்சத்தை எடுத்தால் பெரும்பாலும் போதும். புற்றுநோய் தொட்டால் கதை வேறு. பாலிப் பல துண்டுகளாக வந்திருந்தால் “விளிம்பை மதிப்பிட இயலவில்லை, காரணம் துண்டுகள்” என்றே எழுத வேண்டும். அதை “பாதிக்கப்பட்டது” என்றோ “பாதிக்கப்படவில்லை” என்றோ யாரும் படித்துவிடக் கூடாது.

அடுத்தது சந்தேகம். இதில்தான் நம் எழுத்து அதிகம் குழம்புகிறது. “மறுக்க முடியாது” என்பதை ஒருவர் “அநேகமாக இருக்கிறது” என்று படிக்கிறார். இன்னொருவர் “தற்காப்புக்காக எழுதிய வரி” என்று தள்ளிவிடுகிறார். அந்த வரியை எழுதியவர் கண்டது என்ன என்று தேடினேன். ஒரே ஓர் இடத்தில், வெற்றிடம் ஒன்றுக்குள் சிறு புற்றணுக் கூட்டம் இருந்தது. அது நிணநீர்க் குழாயாகவும் இருக்கலாம், திசு பதப்படுத்தும்போது சுருங்கியதால் உண்டான இடைவெளியாகவும் இருக்கலாம். குழாயின் உட்சுவர் அணுக்களைக் காட்டும் D2-40, CD31 சாயங்களைப் போட்டோம். அதற்காகச் சீவிய ஆழமான துண்டுகளில் அந்த இடமே தீர்ந்து போயிருந்தது. மற்ற இடங்களில் குழாய்க்குள் புற்றணு இல்லை.

இந்தச் சந்தேகத்தை மறைப்பதும் தவறு, ஊதிப் பெருக்குவதும் தவறு. எதைக் கண்டோம், என்ன செய்து பார்த்தோம், ஏன் தீரவில்லை, எந்தப் பக்கம் சாய்கிறோம் என்று நான்கையும் சொன்னால் அறுவை மருத்துவருக்கு அதன் எடை புரியும்.

கடைசியாக, அடுத்த படி. “மருத்துவ நிலையுடன் ஒப்பிடுக” என்ற வரி எதை எதனுடன் ஒப்பிடச் சொல்கிறது என்று தெரியாதவரை யாருக்கும் பயனில்லை. கேள்வியை வெளிப்படையாகக் கேட்க வேண்டும். குடலை வெட்டுங்கள் என்று உத்தரவிடுவதும் நம் வேலை அல்ல. நோயாளியின் இதயத்தை நாம் பரிசோதிக்கவில்லை.

நான் அனுப்பிய குறிப்புரையின் சாரம் இது:

“சிக்மாய்டு பாலிப், ஒரே துண்டு: அடினோமாவில் தோன்றி, காம்பின் மேற்பகுதிவரை ஊடுருவிய அடினோகார்சினோமா, நடுத்தர வேறுபாடு. விளிம்பு: புற்றணுவிலிருந்து கருகிய ஓரம்வரை 1.3 மி.மீ.; விளிம்பில் புற்றுநோயோ அடினோமாவோ இல்லை. முளைவிடும் புற்றணுக் கொத்துகள் குறைவு (Bd1). குழாய்ப் பரவல்: ஓர் இடத்தில் சந்தேகம், ஆழ்ந்த துண்டுகளிலும் D2-40, CD31 சாயங்களிலும் உறுதிப்படவில்லை, அந்த இடம் தீர்ந்துவிட்டது. சுருக்க இடைவெளியாக இருக்கவே வாய்ப்பு அதிகம் எனக் கருதுகிறோம். பரிந்துரை: பல்துறைக் கூட்டத்தில் விவாதிக்கவும். பாலிப் முழுமையாக எடுக்கப்பட்டதா, அந்த இடம் மை கொண்டு குறிக்கப்பட்டதா என்பதைக் காலனோஸ்கோப்பி செய்தவர் உறுதிப்படுத்தவும். சந்தேக இடத்தின் ஸ்லைடு குடல் நோயியலில் தேர்ந்த ஒருவரின் இரண்டாம் கருத்துக்கு அனுப்பப்பட்டுள்ளது. முடிவு வந்ததும் இணைப்பறிக்கை தரப்படும்.”

மை பற்றிய வரி சிலருக்கு மிகையாகத் தோன்றலாம். காம்பு வெட்டிய புண் சில வாரங்களில் ஆறிவிடும். குறியில்லாவிட்டால் அறுவைக்கோ அடுத்த கண்காணிப்புக்கோ அந்த இடத்தைத் தேடிக் கண்டுபிடிப்பது கடினம். அறிக்கை வந்த நாளிலேயே நினைவூட்டினால் இன்னும் நேரம் இருக்கும். இவருக்கு முன்பே மை குத்தியிருந்தார்கள்.

பல்துறைக் கூட்டம் சி.டி. ஸ்கேனையும் அடுத்த சில மாதங்களில் அதே இடத்தை மீண்டும் பார்ப்பதையும் தேர்ந்தெடுத்தது. நோயாளியும் அவர் மகளும் இரு வழிகளின் ஆபத்தையும் கேட்டபின் ஒப்புக்கொண்டார்கள். முடிவு அறுவையாக இருந்திருந்தாலும் குறிப்புரையில் ஒரு சொல்லும் மாறியிருக்காது.

இணைப்பறிக்கையைப் பற்றி ஒன்று. இரண்டாம் கருத்து வந்ததும் அதைக் கடைசிப் பக்கத்தின் அடியில் ஒட்டி அனுப்பும் பழக்கம் பல இடங்களில் இருக்கிறது. நோயாளியின் கோப்பில் இருக்கும் பழைய நகலுக்கு அது போய்ச் சேருவதே இல்லை. நான் புதிய அறிக்கையின் முதல் வரியிலேயே தேதியிட்டு எது மாறியது, எது மாறவில்லை என்று எழுதுகிறேன். பிறகு அறுவை மருத்துவரைத் தொலைபேசியில் அழைத்து, யாரிடம், எப்போது சொன்னேன் என்பதையும் அறிக்கையில் பதிந்துவிடுகிறேன். இவருடைய இணைப்பறிக்கையின் முதல் வரி: “குழாய்ப் பரவல் இல்லை என இரண்டாம் கருத்து, விளிம்புத் தூரம் மாறவில்லை, 1.3 மி.மீ.”