மூன்றரை வட்டிக்கு ஓடும் அட்டைக் கடன்

காரைக்குடியில் என் தணிக்கை அலுவலகத்துக்கு, ஆத்தங்குடிக் கல் பட்டறை நடத்துபவர் ஒருவர் கிரெடிட் கார்டு பில்களோடு வந்தார். "ஆடிட்டர் சார், ஒரு மாதம்கூடக் கட்டத் தவறவில்லை. பாக்கி மட்டும் ஏறிக்கொண்டே போகிறது" என்றார்.

ஏப்ரல் 10 அன்று அவர் 60,000 ரூபாய்க்குப் பட்டறைச் சாமான் வாங்கியிருந்தார். மே 5-இல் பில் வந்தது. கெடு மே 25. குறைந்தபட்சம் கட்ட வேண்டிய மினிமம் டியூ என்று போட்டிருந்த 5 சதவீதத்தை, அதாவது 3,000 ரூபாயை, கெடு நாளிலேயே கட்டிவிட்டார். ஜூன் 5-இல் வந்த பில்லில் பாக்கி 61,517 ரூபாய்.

முழுத் தொகையையும் கெடுவுக்குள் கட்டினால்தான் வட்டியில்லாக் காலம் என்ற சலுகை உண்டு. கொஞ்சம் பாக்கி வைத்தாலும் அது போய்விடும். வட்டி கெடு நாளிலிருந்து அல்ல, சாமான் வாங்கிய நாளிலிருந்தே கணக்காகும். அவருடைய அட்டைக்கு மாதம் 3.5 சதவீதம், ஆண்டுக்கு 42. ஆகவே 60,000 ரூபாய்க்கு 45 நாள், மீதி 57,000 ரூபாய்க்கு 11 நாள் என்று வட்டி மட்டும் 3,828 ரூபாய். அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 689 ரூபாய். கட்டியதைவிட ஏறியது அதிகம்.

நம் ஊர்ப் பேச்சில் இது மூன்றரை வட்டி. கைமாற்றுக்கு இரண்டு வட்டி கேட்டாலே எழுந்து வந்துவிடுகிறவர்கள், பில்லில் பொடி எழுத்தில் இருப்பதால் இதைக் கவனிப்பதில்லை என்பதுதான் என் வருத்தம்.

அடுத்த மாதங்களில் மினிமம் டியூவில் பெரும்பகுதி வட்டிக்கும் வரிக்குமே போய்விடும். அசலில் குறைவது சில நூறு ரூபாய்தான். வேறெதுவும் வாங்காமல் இருந்தால் கடன் மெல்லக் குறையும். ஆனால் அவர் அதே அட்டையில் 4,000 ரூபாய்க்கு மளிகை வாங்கினார். பழைய பாக்கி இருக்கும்வரை புதிதாக வாங்குவதற்கும் வாங்கிய நாளிலிருந்தே வட்டி என்பதால், ஜூலை பில் ஏறக்குறைய 65,000 ஆகிவிட்டது.

முதலில் அட்டையை வீட்டில் வைக்கச் சொன்னேன். வட்டி தினசரிப் பாக்கிக்குக் கணக்காவதால், பணம் கைக்கு வந்த அன்றே கட்டுவது கெடுவரை காத்திருப்பதைவிட நல்லது. அவர் வீட்டில் நகை இருந்தது. வங்கி நகைக்கடன் ஒரு வட்டிக்கும் குறைவாகக் கிடைத்ததால், அதை வாங்கி ஜூலை 20-இல் அட்டைப் பாக்கியை முழுவதும் அடைத்தார். நகையைக் குறித்த நாளில் மீட்க வழி இருப்பவருக்கு மட்டுமே இதைச் சொல்வேன்.

ஆகஸ்ட் பில்லில் மறுபடி ஆயிரத்துச் சொச்சம் வந்ததைப் பார்த்துப் பதறிப்போய் வந்தார். ஜூலை 5 முதல் 20 வரையிலான வட்டியும் வரியும் அவை. அதையும் முழுதாகக் கட்டிய பிறகுதான் அந்தக் கணக்கு நேரானது.