ஜெர்மன் மொழியில் ஊருக்குப் போவதும் ஆற்றுக்குப் போவதும்

ஜெர்மனியில் செவிலியர் பணிக்குச் செல்லத் தயாராகும் நம் பிள்ளைகளுக்கு ஜெர்மன் மொழி கற்பித்து வரும் எனக்கு, பேச்சுத் தேர்வுக்கான பயிற்சியில் அடிக்கடி காதில் விழும் பிழை ஒன்று உண்டு. ‘நான் சுவிட்சர்லாந்துக்குப் போகிறேன்’ என்பதை ‘இஹ் ஃபாரெ நாஹ் ஷ்வைட்ஸ்’ என்று சொல்லிவிடுகிறார்கள். தமிழில் சென்னைக்கு, ஜப்பானுக்கு, காவிரிக்கு என எல்லா இடத்துக்கும் ‘கு’ உருபு ஒன்றே போதும் என்பதால், ‘நாஹ்’ என்ற முன்னிடைச்சொல்லும் அப்படித்தான் இருக்கும் என்று எடுத்துக்கொள்வதே இதற்குக் காரணம்.

‘நாஹ்’ வருமா வராதா என்பதைத் தீர்மானிப்பது அந்தப் பெயருக்கு முன்னால் வரும் சுட்டு, அதாவது ‘டேர், டீ, டாஸ்’ என்னும் ஆர்ட்டிகிள். பெரும்பாலான நாடுகளும் ஏறக்குறைய எல்லா நகரங்களும் ஆர்ட்டிகிள் இல்லாமலே வழங்குகின்றன. ஆகவே நாஹ் இந்தியன், நாஹ் ஸ்ரீலங்கா, நாஹ் பெர்லீன் என்று தயங்காமல் சொல்லலாம். ஆர்ட்டிகிளோடு வழங்கும் நாடுகள் சிலவே. சுவிட்சர்லாந்தான ‘டீ ஷ்வைட்ஸ்’, துருக்கியான ‘டீ ட்யூர்க்கை’, உக்ரைனான ‘டீ உக்ராயினெ’ ஆகியவை பெண்பால். லெபனானும் சூடானும் ‘டேர்’ பெறும் ஆண்பால். நெதர்லாந்தும் (டீ நீடர்லாண்டெ) அமெரிக்க ஐக்கிய நாடுகளும் (டீ ஊ-எஸ்-ஆ) பன்மை. இவற்றுக்கு முன்னால் ‘நாஹ்’ வராது, ‘இன்’ வரும். ஈரான், ஈராக் இரண்டுக்கும் ஆர்ட்டிகிளோடும் ஆர்ட்டிகிள் இல்லாமலும் சொல்லும் வழக்கு உண்டு என்பதால், அவற்றில் யாரையும் உடனே திருத்தப் போக வேண்டாம்.

‘இன்’ என்று மாற்றிக்கொண்டாலும் வேலை முடிவதில்லை. எங்கே போகிறோம் என்றால் ஆர்ட்டிகிள் இரண்டாம் வேற்றுமை வடிவத்தில் (அக்குஸாட்டிவ்) இருக்க வேண்டும். எங்கே இருக்கிறோம் என்றால் டாட்டிவ் என்னும் வேற்றுமைக்கு மாற வேண்டும். ‘இஹ் ஃபாரெ இன் டீ ஷ்வைட்ஸ்’ என்றால் சுவிட்சர்லாந்துக்குப் போகிறேன் என்று பொருள். அதே வாக்கியத்தில் ‘டீ’ என்பது ‘டேர்’ ஆனால், சுவிட்சர்லாந்துக்குள்ளேயே வண்டியில் சுற்றுகிறேன் என்று பொருள் மாறிவிடும். கேட்பவர் சூழலை வைத்துப் புரிந்துகொள்ளக்கூடும் என்றாலும், ‘கடந்த ஆண்டு எங்கே வேலை பார்த்தீர்கள்?’ என்ற கேள்விக்கு ‘இன் டீ ஷ்வைட்ஸ்’ என்று பதில் சொல்வது காதுக்கு உறுத்தும் பிழைதான்.

மாணவர்கள் உண்மையில் திணறுவது ‘இன் டேன்’ என்ற இடத்தில். ‘இன் டேன் லீபனொன்’ என்றால் லெபனானுக்கு என்று பொருள். ‘இன் டேன் ஊ-எஸ்-ஆ’ என்றால் அமெரிக்காவில் என்று பொருள். முன்னது ஆண்பால் ஒருமையின் அக்குஸாட்டிவ், பின்னது பன்மையின் டாட்டிவ். ஒலி மட்டும் ஒன்று. நெதர்லாந்தில் இருக்கும்போது பெயரே ‘நீடர்லாண்டென்’ என்று கடைசியில் ஒரு ‘ன்’ ஏற்பதால் அங்கே எளிதில் பிடிபடும். ‘ஊ-எஸ்-ஆ’வுக்கு அந்த உதவி கிடையாது. ஆகவே பெயரைத் தனியாக மனப்பாடம் செய்யாமல், போவதற்கு ‘இன் டீ ஊ-எஸ்-ஆ’, இருப்பதற்கு ‘இன் டேன் ஊ-எஸ்-ஆ’ என்று இரண்டு வடிவங்களையும் சேர்த்தே எழுதிவைக்கச் சொல்கிறேன். ‘அங்கிருந்து’ என்னும்போது மட்டும் நிம்மதி. ‘அவுஸ்’ எப்போதும் டாட்டிவையே ஏற்கும்.

ஆறுகளுக்கு ஆர்ட்டிகிள் கட்டாயம். ரைன், மைன், நெக்கார் ஆகியவை ‘டேர்’. டோனாவ், எல்பெ, ஓடர் ஆகியவை ‘டீ’. நாம் ஆற்றுக்குப் போவது பெரும்பாலும் கரைக்குத்தான் என்பதால் அங்கே ‘அன்’ வரும்: ‘அன் டேன் ரைன்’, ‘அன் டீ டோனாவ்’. ‘இன் டேன் ரைன்’ என்றால் தண்ணீருக்குள்ளேயே இறங்குகிறோம் என்றாகிவிடும். கரையில் இருக்கும்போது ஆண்பால் ஆற்றுக்கு ‘அன் டேம்’ சுருங்கி ‘அம் ரைன்’ ஆகும். பெண்பாலுக்கு ‘அன் டேர் டோனாவ்’ என்றே நிற்கும்.

இது ஊர்ப் பெயரிலேயே பதிந்திருப்பதற்கு இரண்டு ஃபிராங்க்ஃபர்ட்கள் நல்ல எடுத்துக்காட்டு. பெரிய விமான நிலையம் இருக்கும் ‘ஃபிராங்க்ஃபர்ட் அம் மைன்’ ஹெஸ்ஸன் மாநிலத்தில் இருக்கிறது. ‘ஃபிராங்க்ஃபர்ட் அன் டேர் ஓடர்’ பிராண்டன்பர்க்கில், போலந்து எல்லையில் இருக்கிறது. பெர்லினிலிருந்து முன்னதற்கு ரயிலில் ஏறத்தாழ நான்கு மணி நேரம் ஆகும். பின்னதற்கு ஒரு மணி நேரம் போதும், அதுவும் எதிர்த் திசையில். பயணச்சீட்டுத் தளத்தில் முன்னிடைச்சொல்லை விட்டுவிட்டு ஆற்றின் பெயரை மட்டும் அடைப்புக்குறிக்குள் காட்டுவார்கள். எனவே பணி நியமனக் கடிதத்தில் ஊர்ப் பெயரை அடுத்து ‘அம் மைன்’ இருக்கிறதா, ‘ஓடர்’ இருக்கிறதா என்று பார்த்துவிட்டுச் சீட்டு எடுங்கள். இரண்டில் எந்த ஊருக்குப் புறப்பட்டாலும் சொல்ல வேண்டியது ‘நாஹ் ஃபிராங்க்ஃபர்ட்’ என்றுதான். ஆர்ட்டிகிள் ஆற்றுக்கு உரியது, ஊருக்கு இல்லை.