மூணு லேட்டுக்கு அரைநாள் கட்: நோட்டீஸ்ல எந்த வரிய படிக்கணும்

புது அட்டெண்டன்ஸ் பாலிசி நோட்டீஸ் போர்டுல ஏறினதும் எல்லாரும் "பத்து நிமிஷம் கிரேஸ் இருக்கு"ங்கற வரிய மட்டும் பாத்துட்டுப் போயிடறாங்க. ஹெச்ஆர்ல இருந்து இந்த மாதிரி நோட்டீஸ் எழுதறவன் சொல்றேன், சம்பள நாள் அன்னிக்கு சண்டை கிளம்பறது அதுக்கு அடுத்த வரிலதான்.

ஷிஃப்ட் 9:00, கிரேஸ் 9:10 வரைக்கும்னு வைங்க. 9:12க்கு பஞ்ச் பண்ணா உங்க லேட் ரெண்டு நிமிஷம் இல்ல, பன்னெண்டு, ஏன்னா கிரேஸ தாண்டிட்டா கணக்கு 9:00ல இருந்தே ஓடும், சாஃப்ட்வேர்ல வழக்கமா அப்படித்தான் செட் பண்ணுவோம். உங்க கம்பெனில எப்படின்னு நோட்டீஸ்லயே எழுதியிருக்கணும், இல்லன்னா கேளுங்க. மாசத்துக்கு எத்தன தடவ கிரேஸ்ங்கறதையும் பாருங்க, மூணு தடவதான்னா நாலாவது தடவ 9:05க்கு வந்தாலும் அது லேட்தான்.

இப்ப பணத்துக்கு வருவோம். மாசம் 20,800 ரூபாய், 26 நாள், ஒரு நாளைக்கு 800, எட்டு மணி நேர வேலைன்னா மணிக்கு 100. ஒருத்தர் 9:12, 9:14, 9:11னு மூணு நாள் வந்தார், மொத்தம் 37 நிமிஷம், அதோட மதிப்பு கிட்டத்தட்ட 62 ரூபாய். "மூணு லேட்டுக்கு அரைநாள்"னு போட்டு 400 ரூபாய் புடிச்சா அது தப்பு. வேலைக்கு வராத நேரத்துக்கு எவ்வளவோ அந்த விகிதத்துக்கு மேல சம்பளத்துல கை வைக்கக்கூடாதுன்னு 1936 ஊதியச் சட்டத்தோட 9வது பிரிவு சொல்லுச்சு, 2019 ஊதியத் தொகுப்புலயும் அதே விதி இருக்கு. இதனாலதான் நிறைய கம்பெனி அரைநாள சி.எல்.ல கழிக்கறாங்க. ஆனா சி.எல். தீந்து போன ஆளுக்கு அதே அரைநாள் தானா லாஸ் ஆஃப் பே ஆயிடும், அங்கதான் சிக்கலே. நோட்டீஸ்ல "லீவ் இல்லன்னா என்ன"ன்னு வரி இருக்கான்னு தேடுங்க.

அப்பீலுக்கு கட்-ஆஃப் தேதி ரொம்ப முக்கியம். பேரோல் 25ஆம் தேதி லாக் ஆச்சுன்னா அதுக்கு முன்னாடியே லேட் பதிவ சரிபண்ணச் சொல்லி ரெகுலரைசேஷன் ரிக்வெஸ்ட் போட்டு சூப்பர்வைசர் அப்ரூவ் பண்ணிருக்கணும், அவர்கிட்ட வாயால சொன்னது சிஸ்டத்துல வராது. விரல் ரேகை எடுக்கலையா, அன்னிக்கே செக்யூரிட்டி ரிஜிஸ்டர்ல டைம் எழுதி கையெழுத்து போட்டுட்டு அதையே ரிக்வெஸ்ட்ல குறிப்பிடுங்க. மெஷின் கடிகாரமே ரெண்டு மூணு நிமிஷம் முன்னால ஓடறதும் உண்டு, ஒரே காலைல பத்து பேருக்கு ஒண்ணா 9:11, 9:12னு விழுந்திருந்தா முதல்ல சந்தேகப்பட வேண்டியது அதத்தான், தனித்தனியா போகாம எல்லாரும் சேந்து ஒரே மெயிலா போடுங்க. சூப்பர்வைசர் ரிஜெக்ட் பண்ணா காரணத்த எழுத்துல கேட்டு வாங்கிட்டு ஹெச்ஆருக்கு அனுப்புங்க. பேரோல் முடிஞ்சப்புறம் அப்பீல் ஜெயிச்சா புடிச்ச பணம் அடுத்த மாச ஸ்லிப்ல அரியர்னு தனி வரியா வரணும்.