லைன் சரியில்லையா? ஹலோவை விட்டுவிட்டு இதைச் சொல்லுங்கள்

ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறையில் போன் எடுப்பதுதான் என் வேலை, புதிதாகச் சேருகிறவர்களைப் பழக்குவதும் என் தலையில்தான். லைன் மோசமாக இருந்த அழைப்புகளின் பதிவைப் பிறகு போட்டுக் கேட்டால், ஆரம்பத்தில் இரண்டு பக்கமும் ஹலோ, ஹலோ, ஹலோ என்றே நேரம் போயிருக்கும். விபத்து நடந்த இடம் எது என்பது அப்புறம்தான் வரும். இதில் கிண்டல் செய்ய ஒன்றுமில்லை, அப்படிச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது.

நேரில் ஒருவர் பேசும்போது நாம் சும்மா நிற்பதில்லை, "ம்", "ஆங்", "சரி" என்று கொட்டிக்கொண்டே இருப்போம், தலையும் ஆடும். போனில் தலையாட்டலுக்கு வழியில்லை, மிச்சம் அந்த "ம்" மட்டும்தான். மோசமான லைனில் முதலில் காணாமல் போவதும் அதுதான். வாயை மூடிக்கொண்டு மூக்கால் எழுப்புகிற ஒலி, பலம் குறைவு, அதன் சக்தியில் பெரும்பகுதி 300 ஹெர்ட்ஸை ஒட்டியோ அதற்குக் கீழேயோ இருக்கிறது. சாதாரண போன் லைன் 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரைதான் கடத்தும். 4ஜி அழைப்பில் இந்த அகலம் கூடியிருக்கிறது, ஆனால் சுற்றுச் சத்தத்தை வடிகட்டும் போன், பஸ் இரைச்சலோடு சேர்த்து "ம்"-ஐயும் துடைத்துவிடலாம். ஆக, நீங்கள் நான்கு தடவை "ம்" கொட்டியிருப்பீர்கள், பேசுகிறவர் காதில் ஒன்றும் விழுந்திருக்காது, அவர் பேச்சை நிறுத்திவிட்டு "ஹலோ?" என்பார். லைனில் இருக்கிறீர்களா என்று கேட்கிறார், அவ்வளவுதான்.

அதனால் எங்கள் அறையில் "ம்" கொட்டக் கூடாது. "சரி", "கேக்குது", "சொல்லுங்க" என்று வாயைத் திறந்து சொல்ல வேண்டும்.

அடுத்தது தாமதம். குரல் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போக 150 மில்லிசெகண்டுக்குள் என்றால் நமக்கு உறைக்காது, அதற்கு மேல் போகப் போகப் பேச்சு முட்ட ஆரம்பிக்கும். ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். ஒரு பக்கத் தாமதம் 400 மில்லிசெகண்டு என்று வையுங்கள், நெட் வழியாகப் போகிற அழைப்பில் இது அதிசயமில்லை. நீங்கள் ஹலோ சொல்கிறீர்கள், அது 0.4 நொடியில் அங்கே சேருகிறது, அவர் சட்டென்று 0.6-இல் பதில் சொல்கிறார், அது உங்களிடம் வரும்போது ஒரு நொடி முழுதாக ஆகியிருக்கும். பதற்றத்தில் இருக்கிறவர் ஒரு நொடி பொறுப்பாரா? 0.8-லேயே இரண்டாவது ஹலோ போய்விடும், அது அவருடைய பதிலின் மேல் போய் மோதும், அவர் பேச்சை நிறுத்திவிட்டு "ஹலோ?" என்பார். லைனில் பழுதே இல்லாமல், வெறும் தாமதத்தால் மட்டும் இரண்டு பேரும் இப்படி மாறி மாறிச் சுற்றிக்கொண்டிருக்கலாம். வழி ஒன்றுதான்: ஒரு தடவை சொல்லிவிட்டு மனசுக்குள் ஒண்ணு, ரெண்டு எண்ணிக் காத்திருங்கள்.

ஹலோவில் இன்னொரு குறை, எந்தப் பக்கம் அடைத்திருக்கிறது என்பதை அது காட்டாது. மொபைலில் போகிற வழி வேறு, வருகிற வழி வேறு. ஒன்று செத்து மற்றொன்று நன்றாக இருப்பது அடிக்கடி நடக்கும். ஆகவே நாங்கள் பழக்குகிற வாக்கியம் இது: "உங்க குரல் எனக்கு வரல. நான் பேசறது கேட்டா, கட் பண்ணுங்க, நானே திரும்பக் கூப்பிடறேன், நீங்க கூப்பிட வேண்டாம்." அந்தக் கடைசித் துண்டை யாரும் சொல்வதில்லை. சொல்லாவிட்டால் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் டயல் செய்து, இரண்டு பேருக்கும் பிஸி டோன். அவர் குரல் உங்களுக்கு நன்றாக வருகிறது, அவரோ ஹலோ ஹலோ என்றே கத்துகிறார் என்றால், உங்கள் குரல்தான் போகவில்லை; "கேக்குது, கேக்குது" என்று பதில் சொல்லிப் பிரயோஜனமில்லை, கட் செய்துவிட்டுக் கூப்பிடுங்கள்.

குரல் விட்டு விட்டு வரும்போது தமிழில் ஒரு சிக்கல் இருக்கிறது. நம் வாக்கியத்தில் வினை கடைசியில் வரும், ஆமாவா இல்லையா என்பது அந்த வினையின் வாலில் ஒட்டிக்கொண்டிருக்கும். திருமங்கலம் தாண்டி ஒரு பைக் விபத்து, கூட இருந்த தம்பி போனில். "அடிபட்டவரைத் தூக்கி உட்கார வைக்கலாமா?" என்று கேட்டார். எங்கள் அறையில் போன் எடுத்த பெண் "இல்ல தம்பி, அவரைத் தூக்கி உட்கார வைக்கக் கூடாது" என்றுதான் சொன்னாள். முன்னால் இருந்த "இல்ல" அவருடைய ஹலோவோடு முட்டிப் போனது, வாலில் இருந்த "கூடாது" சிக்னலில் போனது. அவருக்குக் கேட்டது "தூக்கி உட்கார வைக்க..." மட்டும். அவர் "சரிக்கா" என்றார். அந்தச் "சரி"யை நம்பியிருந்தால் கழுத்தில் அடிபட்டவரைத் தூக்கியிருப்பார்கள். நல்ல வேளை, அவள் விடவில்லை, "நான் என்ன சொன்னேன், திருப்பிச் சொல்லுங்க தம்பி" என்றாள். "தூக்கி உட்கார வைக்கணும்னீங்க" என்று பதில் வந்தது. உடனே மாற்றிச் சொன்னாள்: "வேண்டாம். தூக்க வேண்டாம். படுத்தே இருக்கட்டும்." மூன்று சின்ன வாக்கியங்கள், ஒரே சேதி, ஏதாவது ஒன்று போய்ச் சேர்ந்தால் போதும்.

லைன் மோசம் என்றால் முடிவை முதலில் வையுங்கள், சின்னதாகச் சொல்லுங்கள், அதையே வேறு சொற்களில் இன்னொரு தடவை சொல்லுங்கள். கேட்கிறவர் "சரி" என்றால் போதாது, சொன்னதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். சண்டைக்கு இழுப்பது மாதிரி இருக்குமே என்று சிலர் கூச்சப்படுவார்கள், பட வேண்டாம்.

எண்களில் தொல்லை தருவது அம்பதும் எம்பதும். பேச்சில் முதல் உயிரெழுத்து மட்டும்தான் வேறு, அந்த உயிர் கொஞ்சம் நசுங்கினால் 50, 80 ஆகிவிடும். கிலோமீட்டர் கல்லோ, கதவு எண்ணோ, மாத்திரை அளவோ, "அஞ்சு, சைபர்" என்று ஒவ்வொரு எண்ணாகப் பிரித்துச் சொல்லுங்கள். போன் நம்பரை "தொண்ணூத்தெட்டு, நாப்பத்தாறு" என்று சொல்லும் வழக்கமும் மோசமான லைனில் வேண்டாம்.

கத்துவதைப் பற்றி. டிரங்க் கால் காலத்தில் கத்தினால் ஓரளவு பலன் இருந்தது, லைனில் சத்தமாக ஏற்றினால் அந்தப் பக்கமும் சத்தமாக விழும். இன்று குரல் 20 மில்லிசெகண்டுத் துண்டுகளாக எண்ணாக மாறிப் போகிறது, துண்டு வழியில் தொலைந்தால் எவ்வளவு கத்தியிருந்தாலும் தொலைந்ததுதான். கத்தினால் மைக்கில் குரல் பிளந்து இன்னும் புரியாமல் போகும். அதைவிட, போனின் அடியில் இருக்கும் மைக் துளையை விரலால் மூடியிருக்கிறோமா என்று பாருங்கள். ஸ்பீக்கரில் போட்டிருந்தால் எடுத்துவிடுங்கள், எதிரொலி வராமல் தடுக்க போனே ஒருவர் பேசும்போது மற்றவர் குரலை அமுக்கிவிடும். விபத்து இடத்தில் சுற்றி நிற்கிற பத்துப் பேரும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கர் போடுவார்கள், எங்களுக்கு அந்தப் பத்துப் பேரின் பேச்சுதான் வரும். அப்புறம், நடந்துகொண்டே பேசாதீர்கள். குரல் தெளிவாக வந்த இடத்திலேயே நில்லுங்கள்.

இரண்டாவது தடவை கூப்பிட்டும் ஆகவில்லை என்றால் பேசுவதை விட்டுவிட்டு எஸ்எம்எஸ் அனுப்பச் சொல்வோம். தொடர்ந்து குரல் ஓடப் போதாத சிக்னலில்கூட, கிடைக்கிற ஒரு சின்ன இடைவெளியில் அது போய்விடும், போகாவிட்டாலும் மறுபடி அனுப்பிப் பார்க்கலாம். "திருமங்கலம் தாண்டி, விருதுநகர் போற பக்கம், பெட்ரோல் பங்க் எதிர்ல, பைக், ஒருத்தர், மூச்சு இருக்கு" என்று வந்தால் எங்களுக்குப் போதும், வண்டி கிளம்பிவிடும்.